வெள்ளத்தில் உயிரிழந்தோருக்குக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் இரங்கல் அறிவிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரே இன்னும் வடியவில்லை. இந்த நிலையில் இரங்கல் அறிவிப்பு தேவையா? தேவையென்றால் எப்போது வெளியிடுவது?

தேவை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் நின்றுபோன பகுதிகள் பல. அப்படிப்பட்ட நாட்களில் யார் இறந்தார், யார் காணவில்லை, யார் உறவினர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்பதெல்லாம் மாடிப்படியில் நின்று பேசும் பேச்சாகவே பரவும்; ஒரு பிளாக்கில் சொன்ன பெயர் அடுத்த பிளாக்குக்குப் போவதற்குள் வேறு பெயராகிவிடும். துக்கத்தைத் தெரிவிப்பது மட்டும் சங்கத்தின் அறிவிப்புக்கு வேலையல்ல. இறந்தவர் யார் என்பதில் குடியிருப்பில் இரண்டு பேச்சு இல்லாமல் செய்வதும் அதன் வேலைதான்.

ஆனால் அதற்காக முந்திக்கொள்ளவும் கூடாது. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் தகப்பனார் இறந்ததைத் தெரிந்துகொண்டார் என்ற நிலை வரவே கூடாது. ஆகவே நெருங்கிய உறவினர்கள் அனைவருக்கும் தகவல் சொல்லியாகிவிட்டது என்று குடும்பத்தார் கூறிய பிறகே வெளியிட வேண்டும். நடைமுறையில் இறப்பு உறுதியான நாளிலேயோ மறுநாளிலேயோ இது முடிந்துவிடும். முதல் அறிவிப்பு நான்கு வரிகளாக இருந்தாலும் போதும். உடல் மருத்துவமனையிலிருந்து ஒப்படைக்கப்படும் வரை இறுதிச் சடங்கின் நேரத்தைக் குறிக்காதீர்கள். பிரேதப் பரிசோதனை தள்ளிப்போனால் ஊரே மயானத்தில் காத்துக்கிடக்கும். நேரம் முடிவானதும் இரண்டாவது அறிவிப்பாகப் போடலாம்.

யார் உறுதி செய்தால் ஒருவருடைய பெயரை அறிவிப்பில் சேர்க்கலாம்?

இறந்தவரின் மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவர் சங்க நிர்வாகி ஒருவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லியிருக்க வேண்டும். குடும்பத்தார் யாரும் அருகில் இல்லாத நிலையில், மருத்துவமனையிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ வந்த தகவலை நிர்வாகி தாமே சரிபார்த்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும், தொலைக்காட்சியின் கீழே ஓடிய வரியும் இதற்குப் போதா. பெயரைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. மூன்று பேர் மூன்று பக்கம் விசாரித்தால், ஒரே பிளாக்கில் உள்ள இரண்டு குமார்களில் யார் என்ற குழப்பமே முதலில் வரும்.

காணாமல் போனவர்களை இரங்கல் அறிவிப்பில் சேர்க்கக் கூடாது. வெள்ளம் இழுத்துச் சென்றதை நேரில் பார்த்ததாக நான்கு பேர் சொன்னாலும் சரி. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நிகழ்ந்தபோது உடல் கிடைக்காதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை இறந்தவர்களாக அறிவிப்பதற்கான நடைமுறையைக் கேரள அரசு 2025 ஜனவரியில்தான் வகுத்தது. அரசே மாதக்கணக்கில் நிதானித்த ஒரு முடிவை நலச் சங்கம் ஒரே நாளில் எடுத்துவிட முடியாது. தேடப்படுகிறவருக்குத் தனி அறிவிப்பு ஒட்டுங்கள். கடைசியாகப் பார்த்த இடம், உடுத்தியிருந்த உடை, தகவல் சொல்ல வேண்டிய எண் ஆகியவை அதில் இருக்கட்டும். இரங்கல் தாளும் அந்தத் தாளும் ஒரே பலகையில் அருகருகே இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர்களில் ஒருவர் வாடகைக்கு இருந்தவர், இன்னொருவர் இரவுக் காவலாளி. இவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லையே, தனியாகக் குறிப்பிட வேண்டுமா?

தனியாகக் குறிப்பிடக் கூடாது. உறுப்பினர் பட்டியல் என்பது சந்தாவுக்கும் வாக்குரிமைக்கும் உரியது. அதற்கும் துக்கத்துக்கும் தொடர்பில்லை. வெள்ளம் முதலில் நுழைவது தரைத்தளத்திலும், வாகனம் நிறுத்துமிடத்திலும், அதன் ஓரத்தில் இருக்கும் காவலாளி அறையிலும்தான். மோட்டார் அறையில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கவும், கார்களை நகர்த்தச் சொல்லிக் கதவைத் தட்டவும் முதலில் இறங்குபவரும் அவர்தான். அப்படிப்பட்டவரை அறிவிப்பின் அடியில் ‘மேலும் நம் காவலாளி ஒருவரும்’ என்று பெயரில்லாமல் எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, காவலாளியின் முழுப் பெயர் சங்கத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது. அவரை அனுப்பிய ஒப்பந்த நிறுவனத்திடம் பெயரும் ஊரும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில், அகரவரிசையில் எழுதுங்கள். வீட்டு எண் வரிசையில் எழுதினால் வீடு இல்லாதவர் கடைசிக்குப் போய்விடுவார். வயது வரிசையில் எழுதினால் யாருடைய வயது சரி என்ற பேச்சு வரும். பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு தொடர் போதும்: ‘தரைத்தளத்தில் 20 ஆண்டுகளாக வசித்தவர்’, ‘கடந்த ஆண்டு முதல் நம்முடன் வசித்தவர்’, ‘6 ஆண்டுகள் நம் குடியிருப்பைக் காத்தவர்’ என்பது போல. உரிமையாளர், வாடகைதாரர் என்ற பிரிவு இந்தத் தாளில் தேவையே இல்லை.

முன்னெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுங்கள். திருமணமான பெண்ணுக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தா, கணவர் பெயரின் முதலெழுத்தா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது. வடமாநிலத் தொழிலாளராக இருந்தால், அவருடைய ஊர்க்காரர் ஒருவரிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அந்த ஒலிக்கேற்பத் தமிழில் எழுதி, அவர் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்த மொழியிலும் ஒரு பிரதி எழுதி ஒட்டுவது முறையாக இருக்கும். அவருடைய குடும்பத்தார் உடலைப் பெற்றுக்கொள்ள வரும்போது படிக்கக்கூடியது அந்த ஒரு பிரதிதான்.

‘இறைவனடி சேர்ந்தார்’, ‘இயற்கை எய்தினார்’, ‘காலமானார்’ ஆகியவற்றில் எதைப் பயன்படுத்துவது?

ஒரே தாளில் பல குடும்பங்கள் இருக்கும்போது ‘உயிரிழந்தார்’ என்பதே பொருத்தம். சிவலோகப் பதவி, வைகுண்டப் பதவி, கர்த்தருக்குள் நித்திரை, வஃபாத் ஆகியவை அந்தந்தக் குடும்பத்தார் தம் சொந்த அறிவிப்பில் எழுதிக்கொள்ள வேண்டியவை. அவற்றில் ஒன்றைச் சங்கம் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களுக்கு அது பொருந்தாமல் போகும். ‘இயற்கை எய்தினார்’ என்பதை வெள்ளச் சாவுக்குத் தவிர்க்கலாம். மின்சாரம் தாக்கி இறந்த 28 வயது இளைஞரின் தாயார் அந்தச் சொல்லைப் படிக்க நேரும். ‘விதி’, ‘இறைவனின் சித்தம்’ என்பவையும் வேண்டாம். ‘ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்’ என்ற வரியைக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டால் சேர்க்கலாம், இல்லையென்றால் ‘குடும்பத்தாரின் துயரில் பங்கு கொள்கிறோம்’ என்பது எல்லோருக்கும் ஏற்புடையதாக இருக்கும்.

எப்படி இறந்தார் என்பதை எழுத வேண்டுமா? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

எழுத வேண்டாம். இரங்கல் அறிவிப்பில் மிக அதிகமான சேதம் விளைவிப்பது இந்த ஒரு வரிதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பேரிடரில் இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு வழங்கும் நிவாரணத் தொகைக்கு, இறப்பின் காரணம் குறித்து உரிய அதிகாரியின் சான்று வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறையே அப்படித்தான் உள்ளது. அந்த விதிப்படி ஓர் உயிருக்கு 4 லட்சம் ரூபாய். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அதை 5 லட்சமாக உயர்த்தி அறிவித்தது. ஆகவே இறப்பு வெள்ளத்தால் நேர்ந்ததா, வேறு காரணத்தாலா என்ற கேள்வியின் பதிலில்தான் குடும்பத்தின் எதிர்காலமே தொங்கிக்கொண்டிருக்கும்.

தரைத்தளத்தில் வசித்த 71 வயது அம்மையாரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருந்தது. மின்சாரம் நின்றதும் இயந்திரம் நின்றது. படகு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். அவருக்கு ஏற்கெனவே நுரையீரல் நோய் இருந்ததை அறிந்த செயலாளர், நல்லெண்ணத்தோடு ‘உடல்நலக் குறைவால்’ என்று அறிவிப்பில் எழுதிவிடுகிறார். சில நாள் கழித்து வருவாய்த் துறையினர் விசாரிக்க வரும்போது, சங்கத்தின் கையொப்பமும் முத்திரையும் உள்ள அந்தத் தாள் பலகையில் தொங்குகிறது. அது மருத்துவச் சான்று அல்ல. இறுதி முடிவை அது தீர்மானிக்கவும் போவதில்லை. ஆனால் ‘உங்கள் சங்கமே நோய் என்றுதான் எழுதியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் குடும்பம் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்சாரம் தாக்கி இறந்ததாகத் தோன்றும் இடத்தில் சிக்கல் இன்னும் அதிகம். தெருவில் இருந்த மின்வாரியத்தின் பில்லர் பெட்டியிலிருந்து கசிந்ததா, கட்டடத்தின் மீட்டர் பலகையிலிருந்து கசிந்ததா என்பதை மின் ஆய்வாளர்தான் சொல்ல முடியும். பொறுப்பு யாருடையது, இழப்பீடு யார் தருவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். ‘டிசம்பர் மழை வெள்ளத்தின்போது உயிரிழந்தார்’ என்று காலத்தை மட்டும் குறித்தால் உண்மைக்கும் குறைவு வராது, பின்னால் எந்த அறிக்கை வந்தாலும் அறிவிப்பு பொய்யாகாது.

ஏரியை முன்னறிவிப்பில்லாமல் திறந்ததுதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. அதையாவது எழுதலாமே?

கோபம் நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் இடம் இதுவல்ல. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அந்தத் திறப்பு கையாளப்பட்ட விதத்தைக் குறைகூறிய இந்தியக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது 2018இல். இரண்டரை ஆண்டு ஆய்வில் வந்த முடிவை, உடல் அடக்கமாகாத நாளில் ஒரு சங்கம் ஆதாரத்தோடு எழுதிவிட முடியாது. ஆதாரமில்லாமல் எழுதினால் அதற்கு மறுப்பு வரும், மறுப்புக்கு மறுப்பு வரும், இறந்தவரின் பெயர் அந்தச் சண்டையின் தலைப்பாகிவிடும்.

புகாரைத் தனி மனுவாக எழுதுங்கள். செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரம், எந்த மதகு அடைத்திருந்தது, எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதையெல்லாம் வரிசைப்படுத்தி மாவட்ட ஆட்சியருக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைச் சுண்ணாம்பு அடிக்கும் முன் அளவுநாடாவோடு படமெடுத்து வைத்துக்கொள்வது அந்த மனுவுக்கு எந்தக் கண்டன வாசகத்தையும்விட அதிகமாக உதவும்.

தவறு சங்கத்தின் பக்கமே இருந்திருக்கலாம் என்ற பேச்சு இருக்கிறது. மீட்டர் பலகையை உயர்த்தச் சொல்லிச் சிலர் முன்பே கேட்டிருந்தார்கள். அப்போது எப்படி எழுதுவது?

இது நிர்வாகிகள் அதிகம் தடுமாறும் இடம். வழக்கு வருமோ என்ற அச்சத்தில் ‘இந்நிகழ்வுக்குச் சங்கம் எவ்வகையிலும் பொறுப்பல்ல’ என்று இரங்கல் அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். அதைவிடக் கொடிய வரி வேறில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே மறுக்கிற அந்த வரியைப் பார்த்துத்தான் குடும்பத்தார் கேட்கவே தொடங்குகிறார்கள்.

மறுப்பும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். ‘இது எவ்வாறு நேர்ந்தது என்பது குறித்து நடைபெறும் விசாரணைக்குச் சங்கம் தன்னிடமுள்ள எல்லா ஆவணங்களையும் அளிக்கும்’ என்று, விசாரணை உண்மையிலேயே தொடங்கியிருந்தால், ஒரு வரி சேர்க்கலாம். பிறகு அந்த வரிக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும். பழைய கூட்டக் குறிப்பேட்டையும், மின்பணியாளரின் ரசீதுகளையும், உறுப்பினர்கள் எழுதிய கடிதங்களையும் ஒரு பையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மீட்டர் பலகையை விசாரணை அதிகாரி பார்வையிடும் வரை கழற்றவோ மாற்றவோ கூடாது. அறிவிப்பில் கையெழுத்திடும் நிர்வாகி மீதே புகார் இருந்தால், செயற்குழுவில் வேறொருவர் கையெழுத்திடுவது நல்லது.

ஒரு மாதிரி வாசகம் தர முடியுமா?

நான்கு பிளாக்குகள் உள்ள ஒரு குடியிருப்பில் மூவர் இறந்ததாகக் கொண்டு எழுதப்பட்டது இது. அடைப்புக்குறி உள்ள இடங்களை உங்கள் நிலைக்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம்.

> இரங்கல் அறிவிப்பு
>
> டிசம்பர் மாத மழை வெள்ளத்தின்போது நம் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர் என்பதை மிகுந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
>
> (பெயர்), வயது 28, ‘சி’ பிளாக்கில் கடந்த ஆண்டு முதல் நம்முடன் வசித்தவர்.
> (பெயர்), வயது 54, 6 ஆண்டுகள் நம் குடியிருப்பைக் காத்தவர்.
> (பெயர்), வயது 71, ‘ஏ’ பிளாக் தரைத்தளத்தில் 20 ஆண்டுகளாக வசித்தவர்.
>
> இவர்களை இழந்து வாடும் குடும்பத்தாரின் துயரில் நாம் அனைவரும் பங்கு கொள்கிறோம்.
>
> ‘ஏ’ பிளாக் அம்மையாரின் இறுதிச் சடங்கு (நாள், நேரம், இடம்). மற்ற இருவரின் உடல்களும் சொந்த ஊர்களுக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. ஊர்தி புறப்படும் நேரம் தனியே தெரிவிக்கப்படும். ‘சி’ பிளாக் குடும்பத்தார் இப்போது யாரையும் சந்திக்கும் நிலையில் இல்லை. அவர்களிடம் தெரிவிக்க வேண்டியதைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் சேர்ப்பிக்கப்படும்.
>
> குடும்பத்தாருக்கான உதவிகளை ஒருங்கிணைப்பவர்: (ஒரு நிர்வாகியின் பெயர், எண்).
>
> (தலைவர்) (செயலாளர்)
> நாள், நேரம்

இதில் புகழுரை இல்லாததைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். மூன்று பேரில் இருவரைப் பற்றி நிர்வாகிகளுக்கு நிறையத் தெரிந்து, மூன்றாமவரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், புகழுரை அந்த வேறுபாட்டையே காட்டிக்கொடுக்கும். அதை இரங்கல் கூட்டத்தில் அவரவரை அறிந்தவர்கள் பேசட்டும். அறிவிப்பின் கடைசியில் நாளோடு நேரத்தையும் குறிப்பது முக்கியம். இரண்டாவது அறிவிப்பு வரும்போது எது புதியது என்பது அதனால்தான் தெரியும்.

நிதி திரட்டுவதையும் இதிலேயே சொல்லிவிட்டால் என்ன? வங்கி எண்ணையும் கீழே போட்டுவிடலாமே?

தனித் தாளில், குறைந்தது ஓரிரு நாள் கழித்து, அதுவும் குடும்பத்தாரிடம் கேட்ட பிறகு. எல்லாக் குடும்பமும் பொதுவில் பணம் பெற விரும்புவதில்லை; மூவரில் ஒருவருக்கு மட்டும் திரட்டுவதாக இருந்தால் அதை இரங்கல் அறிவிப்போடு சேர்த்துச் சொன்னால் மற்ற இருவரின் நிலையையும் ஊர் எடைபோடத் தொடங்கும்.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும். செயலாளரின் சொந்த யுபிஐ எண்ணில் அல்ல. துக்கச் செய்தியில் உள்ள க்யூஆர் படத்தை மாற்றி மறுபடி பரப்புவது மோசடிக்காரர்களுக்கு எளிது என்பதும் அறிவிப்பில் அதைப் போடாமலிருக்க ஒரு காரணம். பராமரிப்பு நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்க நினைத்தால், துணைவிதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று பார்த்து, பொதுக்குழுவின் ஒப்புதலைப் பெறுங்கள். கொடுக்கும்போது காசோலையாகவோ கணக்குப் பரிமாற்றமாகவோ கொடுங்கள். யாரிடம் கொடுப்பது என்பதில் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பது தெரிந்தால், வாரிசுச் சான்றிதழ் வரும் வரை தொகையைக் கணக்கிலேயே வைத்திருப்பதில் தவறில்லை.

அரசு உதவி எண்கள், சான்றிதழ் விவரம் எல்லாம் அறிவிப்பில் சேர்க்கலாமா?

அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தாரின் கையில் கொடுக்க வேண்டும். பலகையில் ஒட்டினால் படிக்க வேண்டியவர் மட்டும் படித்திருக்க மாட்டார்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை சிலவே. உடலை அரசு மருத்துவமனையிலிருந்து எடுத்துச்செல்ல இலவச அமரர் ஊர்திக்கான எண் 155377. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாமதமானால் கட்டணமும், மேலும் தாமதமானால் அதிகாரிகளின் அனுமதியும் தேவைப்படும். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும், வீட்டில் நேர்ந்ததைக் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் வந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கையையும் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். வெள்ளத்தில் ஆதாரும் குடும்ப அட்டையும் நனைந்து போயிருக்கும். சங்கத்தில் வாடகைதாரர் விவரத்துக்காக வாங்கி வைத்த நகல் இருந்தால் அதைக் கொடுத்து உதவலாம். துக்கத்தில் தூக்கமிழந்தவர்கள் பேசுவதற்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் கடைசியில் எழுதிவிடுங்கள்.

படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கலாமா? வாட்ஸ்அப் குழுவில் எப்படிப் பகிர்வது?

படத்தைக் குடும்பத்தார் தந்தால் மட்டும் போடுங்கள். முகநூல் பக்கத்திலிருந்து எடுத்த படம் வேண்டாம். தெருவில் ஃபிளெக்ஸ் வைப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் மேலே விழுந்ததில் தடுமாறி விழுந்த ஓர் இளம்பெண் லாரி ஏறி உயிரிழந்தார். அதன் பிறகு உயர் நீதிமன்றம் எவ்வளவு கடுமையாகச் சொல்லியும் கண்ணீர் அஞ்சலிப் பேனர்கள் தெருமுனைகளில் முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மழைக்காற்று இன்னும் ஓயாத வாரத்தில் அது ஆபத்தும்கூட. குடியிருப்பின் வாசலில் ஏ3 தாளில் அச்சிட்டு, நனையாதபடி உறையிட்டு ஒட்டினால் போதும்.

வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் பகிருங்கள், கையொப்பமிட்ட தாளின் படமாகவும் பகிருங்கள். பகிர்ந்ததும் ஓரிரு நாளுக்கு நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் நூறு கைகூப்பும் படங்களுக்கு நடுவே இறுதிச் சடங்கின் நேரம் காணாமல் போகும். அதற்கிடையே தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்பார், மீட்கப்பட்ட உடலின் காணொலியை இன்னொருவர் போடுவார். தண்ணீர் லாரி நியாயமான கேள்விதான், அதற்கு வேறு குழு இருக்கட்டும். காணொலியை உடனே நீக்க வேண்டும்; அந்தக் குழுவில் இறந்தவரின் மகளும் இருக்கிறார்.

மார்கழிக் கோலப் போட்டி, புத்தாண்டு, பொங்கல் விழா எல்லாம் வரிசையாக வருகின்றன. நிறுத்துவதா, இரங்கல் கூட்டத்தை எப்போது வைப்பது?

கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தின் சடங்கு நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பத்தாம் நாள், ஒரு வீட்டில் பதினாறாம் நாள், ஒரு வீட்டில் மறுநாளே எல்லாம் முடிந்திருக்கும். அவற்றோடு மோதாத ஒரு மாலையைத் தேர்ந்தெடுத்து, மேடையில் மாலை அணிவிக்கும் படமும் குத்துவிளக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் ஏற்புடையவையா என்று விசாரித்து, இல்லையென்றால் பெயர்களைப் படித்து இரண்டு நிமிட மௌனத்தோடு தொடங்குங்கள்.

விழாக்களைப் பொறுத்தவரை, சங்கம் செலவு செய்து நடத்தும் போட்டியும் புத்தாண்டுக் கேளிக்கையும் அந்த ஆண்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அவரவர் வாசலில் போடும் கோலத்தையும் வீட்டில் வைக்கும் பொங்கலையும் சங்கம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ‘சங்கத்தின் சார்பில் நடைபெறவிருந்த நிகழ்ச்சிகள் இவ்வாண்டு நடைபெறமாட்டா’ என்று ஒரு வரி போதும். அதையும் குடும்பத்தாரின் பெயரைச் சொல்லி எழுதாதீர்கள். குழந்தைகளின் போட்டி தங்களால்தான் நின்றது என்று அவர்கள் நினைக்கும்படி ஆகிவிடும்.

வெளியிட்ட அறிவிப்பில் பெயரோ வயதோ தவறாகிவிட்டால்?

பேனாவால் அடித்துத் திருத்தாமல் தாளை எடுத்துவிட்டு, ‘திருத்தப்பட்ட அறிவிப்பு’ என்ற தலைப்பில் புதியதை ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் பழையதை எல்லோருக்குமாக நீக்குங்கள். உயிருடன் இருப்பவரின் பெயர் வந்துவிட்டிருந்தால், திருத்தத்தோடு நிற்காமல் தலைவரும் செயலாளரும் அவர் வீட்டுக்கு நேரில் செல்ல வேண்டும். அந்தச் செய்தி எந்த உறவினர்கள் வரை போயிற்று என்று அவர்களிடம் கேட்டு, அத்தனை பேருக்கும் மறுப்பைத் தெரிவிப்பது சங்கத்தின் வேலை.

அறிவிப்பை எவ்வளவு நாள் பலகையில் வைத்திருப்பது?

பதினாறு நாட்கள் வரை வைத்திருக்கலாம்; குடும்பத்தார் முன்பே எடுக்கச் சொன்னால் எடுத்துவிடலாம். எடுத்த தாளைக் குப்பையில் போடாமல், ஒரு பிரதியைக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டி, கையொப்பமிட்ட பிரதி ஒவ்வொன்றை மூன்று குடும்பங்களுக்கும் உறையிலிட்டு அனுப்புங்கள். காவலாளியின் குடும்பத்துக்கு அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், அவருக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியை ஒப்பந்த நிறுவனம் கொடுத்துவிட்டதா என்று அதற்கு முன்பே விசாரித்து, அந்த விவரத்தையும் ஒரு கடிதமாக எழுதி உடன் வையுங்கள்.